கோட்பாட்டுச் சட்டகமா, கருத்துருச் சட்டகமா: ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எப்படிப் பிரித்தறிவது?

நாகலூர் ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். சேலத்திலுள்ள ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வீடு ஏற்காடு மலையில் இருக்கிறது. காப்பிச் செடியின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை நீங்கள் அறிந்திருக்கலாம்; தோட்டங்களில் போரர் என்றே சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் தண்டிலிருந்து வெளியே வந்து பறக்கும். ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டத்தைச் சுற்றி வந்து, தாக்கப்பட்ட செடிகளை அடையாளம் கண்டு, வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். சிறு விவசாயிகளில் சிலர் இதைத் தவறாமல் செய்வதும் சிலர் விட்டுவிடுவதும் ஏன் என்பதை வினாநிரல் கொண்டு அறிவதே என் ஆய்வு.

இரண்டாம் இயலின் முடிவில் கோட்பாட்டுச் சட்டகம் என்ற தலைப்பில் ஒரு படமும், மூன்றாம் இயலின் தொடக்கத்தில் கருத்துருச் சட்டகம் என்ற தலைப்பில் ஒரு படமும் வைத்திருக்கிறேன். முதலாவது ஐசக் ஐசனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. ஒரு செயலைப் பற்றிய மனப்பாங்கு, நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது, நம்மால் அது இயலும் என்ற கணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணத்தை உருவாக்கும், எண்ணம் செயலாகும் என்பது அதன் சாரம். இரண்டாவது படத்திலும் அதே பெட்டிகள்தாம். அவற்றோடு நில அளவு, கூலியாள் கிடைக்கும் நிலை, பக்கத்துத் தோட்டத்தின் நிலை என்று மூன்று பெட்டிகளைச் சேர்த்து, அவற்றிலிருந்து செயலுக்கு நேராக அம்புக்குறி வரைந்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "ஒரே படத்தை ஏன் இரண்டு முறை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து நான் சேர்த்து வைத்திருக்கும் கட்டுரைகளைப் புரட்டினால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருவர் கோட்பாட்டுச் சட்டகம் என்று தலைப்பிட்ட இடத்தில் தாமே அமைத்த படம் இருக்கிறது. இன்னொருவர் கருத்துருச் சட்டகம் என்ற தலைப்பின் கீழ் ஐசனின் படத்தை ஒரு மாற்றமும் இல்லாமல் வைத்திருக்கிறார். தலைப்பை நம்ப முடியாது என்றால் வேறு எதைக் கொண்டு அறிவது?

---

புள்ளியியல் வாசகர், சூரமங்கலம்

இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. வினாநிரல் கொடுத்து எண்களைத் திரட்டிச் சோதிக்கும் ஆய்வுக்குக் கோட்பாட்டுச் சட்டகம். நேர்காணல் செய்து விளக்கம் தேடும் ஆய்வுக்குக் கருத்துருச் சட்டகம். உங்களிடம் வினாநிரல் இருப்பதால் இரண்டாவது படத்தை எடுத்துவிட்டால் போதும்.

---

தமிழ் முதுகலை மாணவி

அக்கா, கருதுகோளைப் படமாக வரைய வேண்டிய கட்டாயம் இல்லை என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். "நில அளவுக்கும் செடி பிடுங்குவதற்கும் தொடர்பு இல்லை" என்று ஒரு வாக்கியமாக எழுதிவிட்டால் இரண்டாவது படம் தேவைப்படாது அல்லவா?

---

ஓய்வுபெற்ற நெறியாளர், அஸ்தம்பட்டி

தங்கையே, நீங்கள் சொல்வது கருதுகோள். இங்கே கேட்கப்பட்டிருப்பது கருத்துரு. இரண்டு சொற்களும் காதுக்கு நெருக்கமாக இருப்பதால் வாய்மொழித் தேர்வுகளிலேயே இந்த மயக்கம் நேர்வதைக் கண்டிருக்கிறேன். கருதுகோள் என்பது சட்டகத்திலுள்ள ஓர் அம்புக்குறியைச் சோதிக்கத்தக்க வாக்கியமாக எழுதுவது. அம்புக்குறிகளே முடிவாகாத நிலையில் கருதுகோளுக்குப் போக முடியாது. சிலர் 'கருத்தியல் சட்டகம்' என்றும் எழுதுகிறார்கள். கருத்தியல் என்றால் பலருக்கும் அரசியல் கொள்கை நினைவுக்கு வருவதால் நான் கருத்துரு என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

சூரமங்கலத்து நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரு கோட்பாட்டை முன்வைத்து அதைச் சோதிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் எண்களோடு வருகின்றன. ஆனால் அது இரண்டும் அடிக்கடி சேர்ந்து காணப்படுவதைச் சொல்கிறதே ஒழிய, வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஒரே கோட்பாட்டைக் கண்ணாடியாக அணிந்துகொண்டு நேர்காணல் மட்டுமே செய்த ஆய்வுகள் உண்டு. எந்த ஒரு கோட்பாட்டையும் முழுதாக ஏற்காமல் பத்து மாறிகளைத் தாமே அடுக்கி வினாநிரல் கொடுத்தவர்களும் உண்டு.

நாகலூர் அம்மாவுக்கு என் யோசனை இது. பெட்டிகளைப் பார்க்காதீர்கள், அம்புக்குறிகளைப் பாருங்கள். ஒவ்வோர் அம்புக்குறியின் மீதும் விரலை வைத்து, "இது யாருடைய கூற்று? இது பொய்த்தால் தோற்பவர் யார்?" என்று கேளுங்கள். மனப்பாங்கிலிருந்து எண்ணத்துக்குப் போகும் அம்பு பொய்த்தால் ஐசனின் கோட்பாடு இந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பொருள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து செயலுக்குப் போகும் அம்பு பொய்த்தால் ஐசனுக்கு எந்த இழப்பும் இல்லை, ஏனெனில் அவர் அதைச் சொல்லவே இல்லை. உங்கள் அனுமானம் மட்டும் தவறிப்போகும். தோல்வி கோட்பாட்டாளரைச் சேரும் அம்புகள் கோட்பாட்டுச் சட்டகத்துக்கு உரியவை. அந்தக் கோட்பாட்டோடு முந்தைய ஆய்வுகளையும் கள அறிவையும் சேர்த்து, இந்தக் கேள்விக்காக இந்த இடத்தில் நீங்கள் கட்டிய முழு அமைப்பு கருத்துருச் சட்டகம்.

கைக்கு எளிய இன்னொரு சோதனையும் உண்டு. அம்புக்குறியை வாக்கியமாக எழுதி, அதிலிருந்து காப்பி, ஏற்காடு, போரர் ஆகிய சொற்களை நீக்கிவிட்டுப் படியுங்கள். அப்போதும் அது பொருள் தரும் பொதுக்கூற்றாக நின்றால் கோட்பாட்டைச் சேர்ந்தது. நிற்காமல் சரிந்தால் உங்களுடையது.

---

விரிவாக்கப் பணியில் இருந்தவர், வாழப்பாடி

ஐயா சொன்ன இரண்டாவது சோதனை எனக்கு நிறைவு தரவில்லை. "நில அளவு கூடினால் பரிந்துரைத்த முறையை ஏற்பவர் கூடுவர்" என்று எழுதிப் பாருங்கள். காப்பியும் இல்லை, ஏற்காடும் இல்லை, ஆயினும் வாக்கியம் நிற்கிறது. ஆனால் அது ஐசனின் கூற்று அல்ல. அப்படியானால் அது எந்தச் சட்டகத்தில் சேரும்?

இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. புதியன பரவுதலைப் பற்றி எவரெட் ராஜர்ஸ் 1962இல் எழுதிய நாளிலிருந்து, முந்தி ஏற்பவர்களின் நிலமோ தொழிலோ பிந்தி ஏற்பவர்களுடையதைவிடப் பெரியதாக இருக்கும் என்பது வேளாண் விரிவாக்கத் துறையில் எங்களுக்கு அடிப்படைப் பாடம். ஆகவே அம்மா 'நானே சேர்த்தேன்' என்று நினைக்கும் நில அளவுப் பெட்டிக்கும் ஒரு கோட்பாட்டு முன்னோர் இருக்கிறார்.

---

ஓய்வுபெற்ற நெறியாளர், அஸ்தம்பட்டி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. சொல்லை நீக்கிப் பார்க்கும் சோதனை, இடத்தோடு ஒட்டிய கூற்றுகளைப் பிரித்தெடுக்க உதவும். பொதுவாக ஒலிப்பதெல்லாம் ஒரே கோட்பாட்டிலிருந்து வந்தது என்று காட்ட அதற்கு வலு இல்லை. முதற்கேள்வியே உறுதியானது: தோற்பவர் யார்?

நீங்கள் சுட்டிய இடம்தான் இந்த ஆய்வேட்டின் உயிர்நிலை என்று எனக்குப் படுகிறது. வயது, கல்வி, நிலம் போன்ற பின்னணிக் காரணிகள் செயலை நேராகத் தொடுவதில்லை, மனிதனின் நம்பிக்கைகளை மாற்றி அவற்றின் வழியாகவே தொடும் என்பது ஐசனின் நிலைப்பாடு. ராஜர்ஸின் கூற்றுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நாகலூர் அம்மா நிலத்திலிருந்து செயலுக்கு நேராக அம்பு வரைந்தபோது, தாம் ஏற்றுக்கொண்ட கோட்பாட்டையே மறுத்திருக்கிறார்; மறுத்தது அவருக்கே தெரியவில்லை. இரண்டாம் இயலில் "நான் ஐசனைப் பின்பற்றுகிறேன்" என்று எழுதிவிட்டு மூன்றாம் இயலில் அவர் ஏற்காத ஓர் அம்பை விளக்கமின்றி வரைவது பிழை. அதே அம்பை, "இங்கே இரு கோட்பாடுகளும் வெவ்வேறு விடை தருகின்றன, எண்ணத்தையும் இயலும் என்ற கணிப்பையும் கணக்கில் எடுத்த பின்னும் நில அளவின் நேர்விளைவு எஞ்சுகிறதா என்று பார்க்கப் போகிறேன்" என்று எழுதி வரைந்தால், அது நல்ல கருத்துருச் சட்டகம். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அந்தக் கோட்டுக்கு இப்போது ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார்.

அம்மா, கூலியாள் பெட்டியை எப்படி அளந்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

---

நாகலூர் ஆய்வாளர்

இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன் ஐயா. "மார்ச் மாதத்தில் செடி தேடும் வேலைக்கு எத்தனை ஆள் கிடைத்தார்கள்?" என்பது ஒன்று. "வேண்டும்போது ஆள் பிடித்துவிட முடியும் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறீர்கள்?" என்பது மற்றொன்று. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கிவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்தைச் சேர்த்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னோட்டமாகப் பேசியபோது ஒரு பெரியவர், "நான் பிடுங்கி எரித்து என்ன பயன்? வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில் காயும் செடி முழுவதும் வண்டு. அது இங்கேதானே பறந்து வரும்?" என்றார். நிழல் குறைந்த தோட்டத்தைத்தான் அந்த வண்டு அதிகம் நாடும். மேல்நிலத்தில் நிழல்மரத்தை வெட்டிவிட்டால் கீழ்நிலத்துக்காரர் மனம் தளர்ந்துபோகிறார். இதை நான்கு வீடுகளில் கேட்டேன்.

---

புள்ளியியல் வாசகர், சூரமங்கலம்

அந்தப் பெரியவர் சொன்னது 'வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு' என்ற பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறதே. அக்கம்பக்கத்தார் செய்யாததைப் பார்த்து இவரும் விடுகிறார். தனிப் பெட்டி தேவையில்லை.

---

ஓய்வுபெற்ற நெறியாளர், அஸ்தம்பட்டி

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும் நண்பரே. ஆனால் பெரியவரின் வாக்கியத்தை மீண்டும் படியுங்கள். 'பக்கத்துக்காரர் என்ன நினைப்பாரோ' என்று அவர் சொல்லவில்லை. 'செய்தாலும் பயன் இல்லை' என்கிறார். அது செயலின் விளைவைப் பற்றிய நம்பிக்கை, ஆகவே மனப்பாங்கைச் சேர்ந்தது. அம்புக்குறி பக்கத்துத் தோட்டத்திலிருந்து மனப்பாங்குக்குப் போக வேண்டும். செயலுக்கு நேராகப் போகக் கூடாது. அப்படி வரைந்தால் ஐசனோடு முரண்பாடு இல்லை, அதே வேளையில் அவர் சொல்லாத, மலைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கும் தோட்டங்களுக்கே உரிய ஒரு செய்தி படத்துக்குள் வருகிறது. கோட்பாட்டுச் சட்டகத்தில் இந்தப் பெட்டிக்கு இடமே கிடையாது. கருத்துருச் சட்டகம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவருக்கு நான் இந்த ஒரு பெட்டியைக் காட்டுவேன்.

கூலியாள் கேள்விகளைக் கூட்டியது சரியல்ல அம்மா. "உறுதியாக நினைக்கிறீர்களா" என்பது இயலும் என்ற கணிப்பு. அது ஏற்கெனவே ஐசனின் மூன்று பெட்டிகளில் ஒன்று. "எத்தனை பேர் கிடைத்தார்கள்" என்பது கையில் உண்மையில் இருந்த வசதி. இவை இரண்டையும் ஐசனே பிரித்துப் பேசுகிறார். உண்மையான வசதி இல்லாதபோது எண்ணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் செயலாகாது என்பதால், அது எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள கோட்டின் வலுவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் காரணி. வெளிப் பேராசிரியர் 'ஒரே படம்' என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: ஐசனின் பெட்டிக்கு வேறு பெயரிட்டுப் புதுப் பெட்டி போல வைத்துவிட்டீர்கள்.

---

செவிலியர் கல்லூரி ஆசிரியை

இந்த உரையாடலைப் படிக்கும்போது என் முதுகலை ஆய்வேடு நினைவுக்கு வந்து கலக்கமாக இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிய ஆய்வு அது. இமோஜீன் கிங்கின் இலக்கு எய்தல் கோட்பாட்டை எடுத்து, அதன் படத்தில் என் மாறிகளை நிரப்பி, 'கருத்துருச் சட்டகம்' என்று தலைப்பிட்டேன். எங்கள் துறையில் நான் பார்த்த ஆய்வேடுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது. ஓரெமின் தன்பராமரிப்பும், பெண்டரின் நலமேம்பாட்டு மாதிரியும் அதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஐயா சொல்வதைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் தவறாக எழுதினோமா? என் மாணவியருக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

---

நூலகப் பணியாளர், சேலம்

தவறு என்று சொல்லிவிட முடியாது அம்மா. செவிலியத் துறையில் அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கிறது. மனிதன், சூழல், நலம், செவிலியம் ஆகியவற்றைப் பற்றி மிக விரிவாகப் பேசும் ஓரெம், ராய் முதலியோரின் அமைப்புகளை அங்கே 'கருத்துரு மாதிரிகள்' என்று அழைப்பது வழக்கம். அந்தத் துறையின் பாடநூல்கள், கோட்பாட்டின் மீது அமைந்த ஆய்வுக்கு இருப்பது கோட்பாட்டுச் சட்டகம், கருத்துரு மாதிரியின் மீது அமைந்ததற்கு இருப்பது கருத்துருச் சட்டகம் என்று பிரிக்கின்றன. ஆகவே அங்கே 'கருத்துரு' என்பது ஆய்வாளர் தாமே கட்டியது என்ற பொருளில் வருவதில்லை.

கிங்கை எடுத்துக்கொண்டால் அவரிடமே இரண்டும் இருக்கின்றன. தனிமனிதன், மனிதர்களுக்கு இடையிலான உறவு, சமூகம் என்று மூன்று அமைப்புகள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சொல்லும் பரந்த சட்டகம் ஒன்று. அதிலிருந்து அவர் வருவித்து 1981இல் முழுமையாக முன்வைத்த இலக்கு எய்தல் கோட்பாடு மற்றொன்று. நீங்கள் எடுத்தது இரண்டாவதை என்பதால், உங்கள் துறையின் வழக்கப்படி பார்த்தாலும் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்ற தலைப்பே நெருக்கமானது. ஓரெமையோ ராயையோ எடுத்த மாணவிக்கு மற்ற தலைப்பு பொருந்தும். ஒரு கட்டுரையைக் கையில் எடுக்கும்போது அது எந்தத் துறையின் கட்டுரை என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நாகலூர் அம்மாவின் மூலக்கேள்வி படிப்பதைப் பற்றியது என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஆய்வேடுகளைத் தேடி வரும் மாணவர்களுக்குப் படத்தை விட்டுவிட்டு முடிவுகளை விவாதிக்கும் இயலை முதலில் படிக்கச் சொல்கிறேன். எதிர்பார்த்த தொடர்பு கிடைக்காத ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே ஆசிரியர் "இந்தக் கோட்பாடு இத்தகைய சூழலில் போதவில்லை" என்று கோட்பாட்டிடம் திரும்பிப் பேசினால், முன்னால் என்ன தலைப்பிட்டிருந்தாலும் அவரிடம் இருப்பது கோட்பாட்டுச் சட்டகம். "இந்தக் காரணியை வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும்" என்று தம் படத்தைத் திருத்தினால் அது கருத்துருச் சட்டகம். கோட்பாட்டின் பெயர் இரண்டாம் இயலுக்குப் பிறகு ஓரிடத்திலும் வராமல் போனால் அது வெறும் அலங்காரம். அத்தகைய ஏடுகளும் நிறைய உண்டு, அவற்றைப் பார்த்து மாதிரி எடுத்துக்கொள்வது ஆபத்து.

---

செவிலியர் கல்லூரி ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. என் ஏட்டின் விவாத இயலை இப்போது எடுத்துப் பார்த்தேன். அதில் கிங்கின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. நோயாளியும் செவிலியரும் சேர்ந்து இலக்கை வகுக்க வேண்டும் என்பது அவருடைய கோட்பாட்டின் மையம். என் ஆய்விலோ இலக்கை நானே முடிவு செய்து கற்பித்திருக்கிறேன். படத்தை நிரப்பினேன், கோட்பாட்டைப் பயன்படுத்தவில்லை. இதை என் மாணவியரிடம் சொல்வேன்.

---

விரிவாக்கப் பணியில் இருந்தவர், வாழப்பாடி

ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். கருத்துருச் சட்டகம் பெரியது, கோட்பாட்டுச் சட்டகம் அதனுள் ஒரு பகுதி என்பது போல இங்கே பேசப்பட்டிருக்கிறது. ரேவிட்ச், ரிகன் இருவரும் 2012இல் எழுதியது அந்தப் பார்வைதான்: ஆய்வு ஏன் தேவை, ஏன் இந்த வழியில் என்ற முழு வாதமும் கருத்துருச் சட்டகம். ஆனால் நான் படித்த காலத்தில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பொருந்தும் கோட்பாடு கிடைத்தால் அதை எடு, கிடைக்காவிட்டால் மட்டும் கருத்துருக்களைத் திரட்டி நீயே கட்டு. இரண்டும் ஒரே ஏட்டில் வர வேண்டிய தேவை இல்லை. இமெண்டா 2014இல் எழுதியதும் ஏறக்குறைய இந்தப் பக்கம் சாய்கிறது. இதன்படி நாகலூர் அம்மாவின் ஏட்டில் ஒரே படம் போதும், அந்த வெளிப் பேராசிரியரும் இப்படிப் பயின்றவராக இருக்கலாம்.

---

ஓய்வுபெற்ற நெறியாளர், அஸ்தம்பட்டி

இருக்கலாம் ஐயா, அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. நான் முதல் பார்வையையே ஏற்கிறேன், ஏனெனில் ஒரு கோட்பாடு முழுதாகப் பொருந்தினாலும் எந்த ஊர், எந்தப் பருவம், எந்தச் செயல் என்ற முடிவுகளை அது எடுத்துத் தருவதில்லை. அம்மா தம் நெறியாளரும் குழுவும் எந்தப் பார்வையைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டறிந்து, தாம் எடுக்கும் பொருளை ஏட்டில் ஒரு பத்தியில் எழுதிவிடுவது நல்லது.

---

நாகலூர் ஆய்வாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை படத்தைத் திருத்தினேன். இரண்டாம் இயலில் ஐசனின் படம் மட்டும் இருக்கிறது, காப்பி என்ற சொல்லே அதில் இல்லை. மூன்றாம் இயலின் படத்தில் பக்கத்துத் தோட்டம் மனப்பாங்குக்குப் போகிறது. கிடைத்த ஆட்களின் எண்ணிக்கை எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தொடுகிறது. ஆள் பிடிக்க முடியும் என்ற உறுதி ஐசனின் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. நில அளவின் அம்பைப் புள்ளிக்கோடாக வரைந்து, ராஜர்ஸும் ஐசனும் வேறுபடும் இடம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஓர் ஐயம் இன்னும் இருக்கிறது. மேல்தோட்டக்காரர் நிழலை வெட்டிவிட்டார் என்பதற்காகக் கீழ்த்தோட்டக்காரர் மனம் தளர்வதை நான் கேட்டேன். ஆனால் நேற்று ஒருவர், "மேலே வெயிலாகிவிட்டது, இனி நான்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்" என்று நேர்மாறாகச் சொன்னார். அந்த அம்பு மனப்பாங்கைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கூட்டல், கழித்தல் குறி எதுவும் போடாமல் விட்டிருக்கிறேன். மார்ச்சில் செடி தேடும் வேலை தொடங்கும்போது அந்த நான்கு வீடுகளுக்கும் இவர் வீட்டுக்கும் மீண்டும் போய்க் கேட்கப் போகிறேன்.